பழைய நிழலில் புதுப் போன்

காபிக் கடையில் ஒரு பெண், கையில் போன், இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம். பழைய விளம்பரப் படம் இது. இப்போது அடுத்த மாடல் வந்துவிட்டது. முதுகு வெள்ளை போய்க் கரும்பச்சை, அகலமும் கொஞ்சம் கூடுதல். மறுபடி படப்பிடிப்பு வைக்காமல், கையும் நிழலும் அப்படியே இருக்க, போனை மட்டும் மாற்ற வேண்டும்.

புதுப் போனை வெட்டி ஒட்டுவது சின்ன வேலை. பார்ப்பவர் நம்புவது விரல்கள் அதன்மேல் போடும் நிழலைப் பார்த்துத்தான். அதைப் புதிதாக வரைய வேண்டியதில்லை, பழைய போனின் முதுகிலேயே இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் பழைய போனைத் தனி லேயராக நகலெடுத்து, லோகோவையும் கேமராவையும் துடைத்துவிட்டு, கருப்பு வெள்ளையாக்க வேண்டும். Levels-இல் வெள்ளைப் பக்க முள்ளை இடப்புறம் நகர்த்த நகர்த்த, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெளுத்து, விரல் நிழல் மட்டும் சாம்பலாக மிஞ்சும். அந்த லேயரைப் புதுப் போனுக்கு மேல் வைத்து Multiply கொடுத்தால் வெள்ளை மறையும், நிழல் பச்சையில் படியும். பழைய போன் கறுப்பாக இருந்திருந்தால் நிழல் சரியாகக் கிடைத்திருக்காது. அப்போது கையால்தான் வரைய வேண்டும்: விரலை ஒட்டிக் கருமையாக, விலக விலக மங்கலாக.

நிழலுக்கும் மேலே விரல்கள். அவற்றை எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் ஓரத்தில் ஒரு வெளிறிய கோடு தெரியும். வெட்டு பிசகியதாக நினைத்து மறுபடி மறுபடி வெட்டுபவர்கள் உண்டு. உண்மையில் அது வெள்ளைப் போன் தோலின்மேல் திருப்பியடித்த வெளிச்சம். கரும்பச்சைப் போன் அப்படி அடிக்காது. ஆகவே விரலின் உள்விளிம்பை மட்டும் லேசாக இருட்டாக்கி, துளி பச்சை ஏற்ற வேண்டும்.

அகலத்தில்தான் பலர் தவறுகிறார்கள். புதுப் போனைப் பழையதன் எல்லைக்குள் அமுக்கினால் வேலை எளிது, ஆனால் விளம்பரத்தில் இருப்பது கடையில் விற்கும் போனாக இருக்காது. போனின் அளவை மாற்றக் கூடாது. Puppet Warp கொண்டு விரல் நுனிகளைச் சற்று வெளியே தள்ளுவதே முறை, நிழல் லேயரும் கூடவே நகர வேண்டும். விரல் நகர்ந்து நிழல் நின்றுவிட்டால், விரல் போனைத் தொடாமல் மிதப்பதுபோல் தெரியும்.

இவ்வளவும் மங்கலான முதுகுக்குச் சரி. பளபளக்கும் கண்ணாடி முதுகில் நிழலைவிட விரலின் பிரதிபலிப்புதான் கண்ணில் படும். அதில் தெரிவது கேமரா பார்க்காத விரலின் அடிப்பக்கம், பழைய படத்தில் அது இல்லவே இல்லை. அப்படிப்பட்ட போனை யார் கையிலாவது கொடுத்து, அதே கோணத்தில், இடப்பக்க வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, பிரதிபலிப்பை அதிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் நல்ல வழி.