கூர்முனை அலையும் அகன்ற அலையும்

ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். செல்களுக்குள்ளேயோ அது ஏறத்தாழ 140. உள்ளும் புறமுமான இந்தப் பெரிய வேறுபாட்டைக் கொண்டுதான் இதயத் தசை தன் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது தடைபட்டால் வெளியிலுள்ள அளவு ஏறத் தொடங்கும். 5 என்பது 8 ஆவது பார்வைக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த அளவில் இதயம் நின்றுபோகலாம். ரத்தப் பரிசோதனையின் முடிவு வர நேரமாகும். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்கள் போதும் என்பதால், பொட்டாசியம் ஏறியிருப்பதற்கான முதல் தடயம் பல நேரங்களில் அந்தக் கட்டம்போட்ட தாளில்தான் கிடைக்கிறது.

அந்தத் தாள் வழக்கமாக நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் வரும் சிறு மேடு பி அலை. அது மேலறைகள் சுருங்குவதற்கான மின்தூண்டல். அடுத்து கூர்மையாக ஏறி இறங்கும் க்யூ.ஆர்.எஸ். பகுதி, கீழறைகளுக்குள் மின்தூண்டல் பரவுவதைக் காட்டுகிறது. பெரியவர்களுக்கு இது மூன்று சின்னக் கட்டங்களுக்குள், அதாவது 0.12 நொடிக்குள், முடிந்துவிடும். கடைசியில் வரும் டி அலை, கீழறைத் தசை அடுத்த துடிப்புக்காகத் தன் மின்னிலையை மீட்டுக்கொள்ளும் நேரம்.

பொட்டாசியம் ஏறும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது இந்த டி அலை. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடினால், மீட்சிக்கு உதவும் பொட்டாசியம் வாயில்கள் வழக்கத்தைவிடத் தாராளமாகத் திறக்கின்றன. மீட்சி விரைவாகவும் ஒரே சீராகவும் நடந்து முடிவதால் அலையின் அடிப்பாகம் குறுகி, இரு சரிவுகளும் ஒன்றுபோலாகி, உச்சி கூராகிறது. இயல்பான டி அலை மெதுவாக ஏறிச் சட்டென்று இறங்கும்; உச்சி வழவழப்பாக இருக்கும். உயரத்தை மட்டும் அளப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உயரம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அடிப்பாகத்தின் குறுகலும் உச்சியின் கூர்மையுமே நம்பத்தக்க அடையாளங்கள். மார்பில் ஒட்டும் முனைகளில் வி2 முதல் வி4 வரை இவை தெளிவாகத் தெரியும். அதே நோயாளியின் பழைய ஈ.சி.ஜி. கிடைத்தால் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு இணையான வழி வேறில்லை.

அளவு இன்னும் ஏறினால் மின்தூண்டல் பரவுவதே தடுமாறும். ஓய்வு நிலையில் இதயச் செல்லின் உட்புறம் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்க வேண்டும். வெளியே பொட்டாசியம் கூடக் கூட அது பூஜ்யத்தை நோக்கி நகரும். மின்தூண்டலைத் தொடங்கிவைக்கும் சோடியம் வாயில்களில் பல அந்த அழுத்தத்தில் அடைபட்டே கிடக்கும். மிஞ்சியவற்றைக் கொண்டு தூண்டல் தசைக்குத் தசை மெல்ல நகர்கிறது. பி அலை தட்டையாகி மறைகிறது. க்யூ.ஆர்.எஸ். மூன்று கட்டங்களைத் தாண்டி விரிகிறது. விரிந்த அந்தப் பகுதி கடைசியில் டி அலையோடு கலந்து, ஏற்ற இறக்கமான ஒரே வளைகோடாகிவிட்டால் இதயம் நிற்பதற்கு அதிக நேரமில்லை.

பாடநூல்களில் அதிகம் படம் போடப்படுவது கூர்முனை டி அலைதான். ஆனால் கூடுதலாக அஞ்ச வேண்டியது க்யூ.ஆர்.எஸ். விரிவுக்கும் துடிப்பு மந்தமாவதற்கும்தான். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொட்டாசியம் கடுமையாக ஏறியிருந்தவர்களுக்கு அடுத்து வந்த ஆபத்துகளோடு தொடர்புபட்டிருந்தவை இவைதான். கூர்முனை டி அலை மட்டும் இருந்தது ஆபத்தை முன்கூட்டிக் காட்டவில்லை.

நடைமுறையில் இது எப்படி வரும் என்பதற்குக் கற்பனையாக ஒரு நோயாளி. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 58 வயதுக்காரர். ஊரில் ஒரு கல்யாணத்துக்காக ஒரு முறையைத் தவறவிட்டார். வெயிலுக்கு இரண்டு இளநீரும் குடித்தார். பொட்டாசியம் நிறைந்தது என்பதால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் கூடாது என்கிறார்கள். மறுநாள் காலில் பலமில்லை என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஈ.சி.ஜி. கருவி துடிப்பு 96 என்று அச்சிடுகிறது. மணிக்கட்டில் நாடி பார்த்தால் 48தான். உயர்ந்து நிற்கும் டி அலையையும் ஒரு துடிப்பாகக் கருவி எண்ணியதால் கணக்கு இரட்டிப்பாகியிருக்கிறது. இந்தத் தவறே ஒரு துப்பு. தாளைக் கண்ணால் பார்த்தால் பி அலை எங்கும் இல்லை, க்யூ.ஆர்.எஸ். நாலரைக் கட்டம், அதாவது 0.18 நொடி, மார்பு முனைகளில் டி அலை ஊசிபோல் நிற்கிறது.

இந்தத் தாளோடு இந்த நோய் வரலாறும் சேர்ந்தால் பரிசோதனைக் கூடத்தின் எண்ணுக்குக் காத்திருப்பது தவறு. மருத்துவர் முதலில் 10 சதவீத கால்சியம் குளுகோனேட் 10 மி.லி.யை மானிட்டரைப் பார்த்தபடி நரம்பில் மெதுவாகச் செலுத்துகிறார். சில நிமிடங்களில் க்யூ.ஆர்.எஸ். குறுகத் தொடங்குகிறது. குறுகாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். கால்சியம் பொட்டாசியத்தை ஒரு துளிகூடக் குறைப்பதில்லை. இதயத்துக்குச் சுமார் அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை காப்புத் தருகிறது, அவ்வளவே. அந்த இடைவெளியில் இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுகின்றன. உடலைவிட்டே அதை வெளியேற்ற அவருக்கு டயாலிசிஸ்தான் வழி. இதற்கிடையே பரிசோதனை முடிவு வருகிறது: 8.1.

எல்லாத் தாளும் இத்தனை தெளிவாக இருப்பதில்லை. மாரடைப்பின் முதல் நிமிடங்களிலும் டி அலை உயரும். அது அடி பருத்து, உச்சி மழுங்கி, ஒரே ரத்தக்குழாய்க்கு உரிய முனைகளில் மட்டும் தெரியும். நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கு மார்பு முனைகளில் உயரமான டி அலை இயல்பாகவே இருப்பதுண்டு. இதயத்தின் மின்பாதைக் கிளைகளில் பழைய அடைப்பு இருந்தாலும் க்யூ.ஆர்.எஸ். அகலும். கீழறையிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பிலும் அகலும், ஆனால் அது வழக்கமாக நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி ஓடும். அகலமான துடிப்பு மெதுவாகவும் வந்தால் பொட்டாசியத்தின் மீது சந்தேகம் விழ வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. அளவுக்கும் அலை வடிவத்துக்கும் கறாரான கணக்கு கிடையாது. பொட்டாசியம் 7ஐத் தாண்டிய பிறகும் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தவர்கள் உண்டு. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் இது அதிகம். ஆகவே மாற்றம் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்பதற்காக நிம்மதி அடைய முடியாது. சிறுநீரகக் கோளாறே இல்லாத ஒருவருக்கு ஈ.சி.ஜி. இயல்பாக இருந்து அறிக்கையில் மட்டும் 6.8 என்று வந்தால், ரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் கசிந்திருக்கலாம். அப்போது கையை இறுக்கிக் கட்டாமல் ரத்தம் எடுத்து மறுபடி பார்ப்பார்கள். டயாலிசிஸ் நோயாளியிடம் அதே எண் வந்தால், மறுபரிசோதனை நடக்கும்போதே அவரை மானிட்டரில் இணைத்துவிடுவார்கள்.