எருத் தொட்டிக்கு எது ஏற்றது?

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கொடியில் கிடக்கும் துணியை விரைவில் உலர்த்திவிடும் என்பதைக் கோவை வட்டாரத் தாய்மார் நன்கு அறிவர். அக்காற்று எருத் தொட்டியையும் உலர்த்திவிடுகிறது. ஆகவே, தொட்டி வாங்குமுன் அது நீரை வெளியே விடுமா, உள்ளே பிடித்து வைக்குமா என்று முதலில் பாருங்கள். வெப்பமும் பூச்சித் தொல்லையும் பெரிதும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

ஈரத்தை அளக்கக் கருவி வேண்டாம். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் மிகுதி, உதிர்ந்தால் குறைவு.

மண்பானையின் சுவர் நீரைக் கசியவிடும். தண்ணீர்ப் பானை குளிர்வது போலவே எருப்பானையும் குளிரும். ஆதலால் அதில் சூடு ஏறுவதில்லை. தக்காளி, பூசணி விதைகள் சாகாமல் பின்னர்ப் பாத்தியில் முளைப்பதைக் காணலாம். காற்றுக் காலத்தில் பானைக்குள் எறும்பு குடியேறினால் உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள். நிழலில் வைத்து, வெளியே ஈரச் சாக்கைச் சுற்றினால் போதும்.

பிளாஸ்டிக் பீப்பாய் இதற்கு நேர்மாறு. ஐப்பசி மழையில் திறந்து கிடந்தால் சொல்லவே வேண்டாம். காய்கறித் தோலின் நீர் அடியில் தேங்கிக் காற்றோட்டம் அற்றுப்போகும்; அழுகிய முட்டை நாற்றம் எழும். பழுப்பு நிறப் புழுக்கள் நெளிவதும் ஈர மிகுதியின் அறிகுறியே. அவை பெரும்பாலும் கருநிற ஈயின் புழுக்கள். தீங்கற்றவை, கழிவை விரைந்து தின்பவை. எனினும் வீட்டார் அருவருப்பர். பீப்பாயைச் செங்கல் மேல் நிறுத்தி, அடியிலும் பக்கங்களிலும் விரல் பருமனில் துளையிட்டு, ஒரு பங்கு கழிவுக்கு இரு பங்கு காய்ந்த இலையோ, பொள்ளாச்சிப் பக்கம் எளிதில் கிடைக்கும் பழைய தென்னை நார்த்தூளோ போட்டு வாருங்கள்.

புழக்கடையில் இடம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது சிமெண்ட் உறையே. மூன்றடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள உறைகள் மூன்றை அடுக்கினால் ஏறத்தாழ இருபத்தொரு கன அடி கொள்ளும். சூட்டைத் தாங்குவது சுவரைவிடக் குவியலின் பருமனே. நாள்தோறும் சிறிது சிறிதாகப் போடுவதால் சூடு வராது. தோட்டத்து இலை, சாணம், சமையலறைக் கழிவு ஆகியவற்றை ஒரே சமயத்தில் நிரப்பினால், சில நாட்களில் நடுப்பகுதி ஐம்பத்தைந்து பாகை செல்சியஸை எட்டக்கூடும். இரும்புக் கம்பியைச் செருகிச் சில நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். பிடிக்க இயலாத சூடு இருந்தால் விதைகளும் ஈ முட்டைகளும் பெரும்பாலும் மடியும். ஓரங்கள் அவ்வளவு சூடேறா. ஆகவே ஒருமுறையேனும் புரட்டிவிட வேண்டும். உறைக்கு ஒரு குறை உண்டு. அடி திறந்திருப்பதால் பெருச்சாளி மண்ணைப் பறித்து உள்ளே வரும். முதல் உறையை வைக்குமுன் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைத் தரையில் விரித்துவிடுங்கள். பின்னர் விரிக்க முனைந்தால் அனைத்தையும் இறக்க நேரிடும்.

மரப்பெட்டி சூட்டை நன்கு காக்கும். இடுக்குகள் வழியே காற்றும் புகும். ஆனால் மண்ணைத் தொட்ட பலகையைக் கரையான் விடாது. வேப்பம்பலகையாயினும் கல்லின் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். பழைய சாமான் பெட்டிப் பலகையானால் ஈரத்தில் விரைவிலேயே அதுவும் எருவோடு எருவாகிவிடும்.