கதவை மூடினாலும் ஓடும் செலவு

சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, “இதில் எவ்வளவு கிடைக்கும்?” என்றுதான். போட்ட பணம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர் கேட்க வேண்டியது வேறு. ஒரு மாதம் ஒன்றுமே விற்காமல் கதவைச் சாத்தி வைத்தால், அந்த மாதம் என் கையிலிருந்து எவ்வளவு வெளியே போகும்? இந்தக் கேள்விக்கான பதில்தான், ஒரு தொழிலை நினைத்தபோது நிறுத்தவோ சுருக்கவோ முடியுமா என்பதைச் சொல்லும்.

நமக்கு நன்கு பழக்கமான முறுக்குத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு குடும்பத் தலைவி வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொண்டு, ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய வாணலி, அடுப்பு, முறுக்கு அச்சு, தராசு, காற்றுப் புகாத டப்பாக்கள் எல்லாம் சேர்த்து 1,500 வெள்ளி. ஒரு கிலோ முறுக்கு 28 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலச் செலவு 14 வெள்ளி. கையில் நிற்பது 14 வெள்ளி. மாதம் 40 கிலோ விற்றால் 560 வெள்ளி. தீபாவளிக்கு முந்திய மாதம் இது பல மடங்காகும்.

இவருக்கு உடம்பு முடியவில்லை, அல்லது எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று இரண்டு மாதம் நிறுத்துகிறார். என்ன செலவு? வணிகப் பெயரில் எஸ்.எஸ்.எம். பதிவு வைத்திருந்தால் அதற்கு ஆண்டுக்கு 60 வெள்ளி. சொந்தப் பெயரிலேயே பதிந்திருந்தால் 30 வெள்ளி. மாதத்துக்கு 5 வெள்ளிதான் வருகிறது. வாணலியும் அச்சும் சமையலறை மூலையில் சோறு கேட்காமல் கிடக்கும்.

அதே பெண்மணி, வியாபாரம் நன்றாகப் போகிறது என்று ஒரு கடை எடுக்கிறார். வாடகை 2,000 வெள்ளி. வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கென்று தனி வைப்புத்தொகை, முதல் மாத வாடகை என்று சாவி கைக்கு வருமுன்பே 7,000 வெள்ளி போய்விடுகிறது. உதவிக்கு ஒரு நிரந்தரப் பணியாளர். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, இ.பி.எஃப்., சொக்சோ சேர்த்தால் ஏறக்குறைய 1,950. மின்சாரம், தொலைபேசி 250. ஆக மாதம் 4,200 வெள்ளி. கிலோவுக்கு 14 வெள்ளி நிற்கும் வியாபாரத்தில், இதைக் கட்டவே 300 கிலோ விற்க வேண்டும். விடுமுறையே இல்லாமல் தினமும் 10 கிலோ. அதற்குப் பிறகு விற்பதுதான் அவருடைய வருமானம்.

இங்கே தொழில் மாறவில்லை, முறுக்கும் மாறவில்லை. நிறுத்தும் வசதி மட்டும் காணாமல் போய்விட்டது. வாடகை ஒப்பந்தம் இரண்டு மூன்று ஆண்டுக்கு இருந்தால், பாதியில் வெளியேறுகிறவர் வைப்புத்தொகையை இழப்பார். சில ஒப்பந்தங்களில் மிச்சக் காலத்து வாடகையையும் கேட்கும் வாசகம் இருக்கும். பணியாளரை நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதபோது, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குக்கூட நான்கு வார முன்னறிவிப்பு தரவேண்டும் என்கிறது வேலைச் சட்டம்.

சுருக்குவது என்பது வேறு கதை. நிறுத்த முடிகிற தொழிலெல்லாம் சுருங்கிவிடும் என்று சொல்ல முடியாது. 20 லிட்டர் எண்ணெய் பிடிக்கும் வாணலி மட்டும் வைத்திருப்பவருக்கு 3 கிலோ ஆர்டர் வந்தால், அந்த 3 கிலோவுக்காக அவ்வளவு எண்ணெயையும் காய்ச்ச வேண்டும். எண்ணெய் கறுத்து நுரைக்கத் தொடங்கினால் அதைக் கொட்டத்தான் வேண்டும். லாபமும் அதோடு போகும். சிறிய வாணலி ஒன்றும் இருந்தால் ஆர்டர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். தொழில் எவ்வளவு சிறியதாகலாம் என்பதை வீட்டிலுள்ள மிகச் சிறிய பாத்திரம்தான் முடிவு செய்கிறது. மின்சார முறுக்கு இயந்திரம் வாங்கும் ஆசை பலருக்கு உண்டு. அதைத் தவணையில் வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இயந்திரம் ஓய்வெடுத்தாலும் தவணை ஓய்வெடுக்காது. வேன் கடனும் அப்படித்தான்.

சரக்கும் கவனிக்க வேண்டியது. நன்றாக மூடிய டப்பாவில் முறுக்கு சில வாரம் தாங்கும். பிறகு சிக்கு வாடை அடிக்கும். ஆர்டர் வாங்கிய பிறகு சுடுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. மளிகைக் கடைகளில் 30 பொட்டலம், 50 பொட்டலம் என்று வைத்துவிட்டு, “விற்ற பிறகு காசு கொடுங்கள்” என்கிறவருக்குத்தான் சிக்கல். அவர் பணம் பத்துக் கடை அலமாரிகளில் தூங்குகிறது. நிறுத்தலாம் என்று முடிவெடுக்கும் நாளில் பாதிப் பொட்டலம் திரும்பி வரும், அதுவும் வாடையோடு. இரண்டு மாதம் கழித்துப் போனால் அந்த அலமாரி இடத்தில் வேறொருவர் சரக்கு இருக்கும். தீபாவளிக்கு மட்டும் வாங்கும் வாடிக்கையாளரோ ஆண்டுக்கு ஒருமுறைதான் தேடுகிறார். இடையில் நீங்கள் ஆறு மாதம் சும்மா இருந்ததே அவருக்குத் தெரியாது.

முன்பணம் விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே பாதிப் பணம் வாங்கி, அதில் வீட்டுச் செலவையும் பார்த்துவிட்டால், இனி நிறுத்த முடியாது. அந்தப் பணம் இன்னும் உங்களுடையதில்லை, கடன். ஆர்டர் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தந்த ஆர்டருக்கு மாவும் எண்ணெயும் வாங்க மட்டும் எடுப்பவர், எந்தக் கட்டத்திலும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.

எப்போது சுருக்குவது? தொடங்கும் முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. நஷ்டத்தின் நடுவில் நிற்கும்போது யாருக்கும் மனம் வராது. என் கருத்தில், வீட்டுச் சம்பளத்திலிருந்து எண்ணெய் வாங்கும் நிலை இரண்டு மாதம் தொடர்ந்து வந்தால், கடைகளுக்குச் சரக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, முன்பணத்தோடு வரும் ஆர்டருக்கு மட்டும் சுடலாம். மூன்றாவது மாதமும் அப்படியே என்றால் அடுப்பை அணைத்துவிடலாம்.

கடை கட்டாயம் வேண்டும் என்கிறவர், ஓராண்டு ஒப்பந்தமாகக் கேட்கலாம். இரண்டு மாத முன்னறிவிப்போடு வெளியேறும் உரிமையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் தலையாட்டியது ஒப்பந்தம் ஆகாது. தீபாவளிச் சந்தையில் இடம் எடுப்பது இன்னொரு வழி. மழை பெய்தாலும் கட்டணம் போனது போனதுதான், நடுவில் சுருக்கவும் முடியாது. ஆனால் என்றைக்கு முடியும் என்பது தெரியும். இடத்துக்காக அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பதும் முதல் நாளே தெரியும். பயப்படுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

சிறிய தொடக்கத்துக்கே செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் பதிவு செய்யச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். அதில் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்பது உண்மை. தனி உரிமையாளராகப் பதிந்தால் தொழில் கடன் முழுதும் உங்கள் தலையில்தான். ஆனால் அந்த நிறுவனம் சும்மா கிடந்தாலும் நிறுவனச் செயலாளருக்குக் கட்டணம் உண்டு, ஆண்டுதோறும் தாக்கல் செய்யவேண்டிய பத்திரங்களும் உண்டு. கடனே வாங்காமல் முறுக்கு சுடுகிறவருக்குத் தனி உரிமையாளர் பதிவு போதும். தொழிலை அடியோடு விட்டுவிட்டால் மட்டும், 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் முடிவு அறிவிப்புப் பாரத்தைக் கொடுத்துவிட வேண்டும்.