மாதம் 1% வட்டி: 12-ஆ, 27-ஆ?

கிரெடிட் கார்டில் கொஞ்சம் பெரிய தொகைக்கு எதையாவது வாங்கினால் போதும், மறுநாளே எஸ்எம்எஸ் வந்துவிடும்: "உங்கள் ரூ.60,000 செலவை 12 எளிய தவணைகளாக மாற்றுங்கள். வட்டி மாதம் 1% மட்டும்!" மாதம் 1 என்றால் ஆண்டுக்கு 12. வங்கியில் தனிநபர் கடனுக்கு 14% கேட்கிறார்களே, இது மலிவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 12-ம் இந்த 14-ம் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல.

கார்டு சலுகையில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஃப்ளாட் வட்டி. 60,000-க்கு 1% என்று மாதம் 600 ரூபாய். 12 மாதத்துக்கு 7,200. அசலோடு சேர்த்து 67,200. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் தவணை 5,600. கணக்கில் பிழை இல்லை. ஆனால் மாதாமாதம் 5,000 ரூபாய் அசலை நீங்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழு 60,000-க்கே ஓடுகிறது. கடைசி மாதத்தில் கையில் நிற்கும் கடன் 5,000 ரூபாய்தான். அதற்கும் வட்டி 600! அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பார்த்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு. கந்துவட்டிக்காரர்கூட யோசிப்பார்.

தனிநபர் கடனில் அப்படி இல்லை. அந்தந்த மாதம் பாக்கி நிற்கும் அசலுக்குத்தான் வட்டி. கார்டு தவணையையும் அந்த முறைக்கு மாற்றிப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இந்த ஒரு வரி போதும்:

```
=RATE(12,-5600,60000)*12
```

மாதங்கள், தவணை, கடன் தொகை என்ற வரிசை. விடை சுமார் 21.5%. கணினி கையில் இல்லாவிட்டால், 12 மாதத் தவணைக்கு ஃப்ளாட் வட்டியை 1.8-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய சரியாக வரும்.

இதோடு முடியவில்லை. கார்டு தவணையின் வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. தனிநபர் கடன் வட்டிக்கு அது கிடையாது. 7,200 வட்டிக்கு வரி 1,296 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 1% என்று வைத்துக்கொண்டால் 600, அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 708. எல்லாம் கூட்டினால் 60,000 ரூபாய்க்கு நீங்கள் கட்டுவது 69,204. மாதக் கணக்கில் 5,767. மேலே உள்ள வரியில் 5600-க்குப் பதில் 5767 போட்டால் 27.2% வருகிறது. கட்டணத்தை முதல் பில்லிலேயே எடுத்துவிடுவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். விலையுயர்ந்ததாகத் தெரிந்த 14% தனிநபர் கடனில் தவணை 5,387. மொத்த வட்டி சுமார் 4,650. அதற்கும் செயலாக்கக் கட்டணம் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் 9,204-ஐ எட்ட அது நிறையப் பெரிய கட்டணமாக இருக்கவேண்டும்.

தவணையாக மாற்றும் முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டவேண்டும் என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளில் இருக்கிறது. ஆகவே செயலியில் கடைசிப் பொத்தானை அழுத்துமுன் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். அங்கே கட்டணமும் ஜிஎஸ்டியும் மொத்தத்தில் சேர்ந்திருக்கிறதா, அல்லது "வரிகள் தனி" என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதல் பில் வந்ததும் இன்னொன்று புரியும். 5,600-ல் வட்டி 600 என்று இருக்காது. 1,073 என்று இருக்கும். வங்கி தன் புத்தகத்தில் எழுதுவது குறையும் இருப்பு முறையில்தான். விளம்பரத்துக்குத்தான் ஃப்ளாட்.

பாதியில் கணக்கை முடிக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். ஆறு தவணை கட்டியாயிற்று, இனி 30,000 என்று நினைத்துப் போனால், நிலுவை 31,594 என்பார்கள். முன்கூட்டி முடிக்கக் கட்டணம் 3% என்றால் ஜிஎஸ்டியோடு இன்னும் 1,118 ரூபாய்.

அப்படியானால் இந்தச் சலுகையை யாருமே தொடக்கூடாதா? ஒரு சூழலில் இது உதவும். பில்லை முழுதாகக் கட்டப் பணம் இல்லை, வேறு கடனும் கிடைக்காது, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டித் தள்ளப்போகிறீர்கள் என்றால், நிலுவைக்கு மாதம் 3.5% வரை வட்டி ஏறும். ஆண்டுக்கு 42%, அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதோடு ஒப்பிட்டால் 27% குறைவுதான். கையில் பணத்தை வைத்துக்கொண்டே, மாதம் 1% தானே என்று மாற்றுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.