சவுண்ட்பாரோடு சப்வூஃபர் சேராவிட்டால்

வயர்லெஸ் சப்வூஃபருக்கும் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கும் ஒலி மட்டும்தான் காற்றில் வருகிறது. கரண்டுக்குப் பிளக் தேவை. எந்த சவுண்ட்பாரின் ஒலியை ஏற்பது என்பதைச் சப்வூஃபர் தன்னுள் பதிந்துள்ள அடையாளத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. இந்தப் பதிவு தொழிற்சாலையிலேயே செய்யப்படுவதால், வழக்கமாக இரண்டுக்கும் சுவிட்சைப் போட்டதுமே அவை தாமாகச் சேர்ந்துவிடும். பதிவு குழம்பினாலோ, ஏதாவது ஒன்றைப் புதிதாக மாற்றினாலோ கையால் இணைக்க வேண்டியிருக்கும்.

பழுது எங்கே என்பதைச் சப்வூஃபரின் பின்புறமுள்ள சிறு விளக்கு சொல்லும். சாம்சங் சவுண்ட்பார்களில் நீல விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு சரி. நீலம் விட்டுவிட்டு எரிந்தால் அது சவுண்ட்பாரைத் தேடிக்கொண்டிருக்கிறது. சிவப்பு நிலையாக எரிவது ஓய்வு நிலை. சவுண்ட்பார் அணைந்திருக்கும்போது இது இயல்பு. சிவப்பும் நீலமும் சேர்ந்து சிமிட்டினால் கருவியிலேயே கோளாறு. அதைச் சர்வீஸில்தான் பார்க்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் பிளக்கையும் வயரையும் சோதிக்க வேண்டும்.

வீடு மாறிய பிறகு சப்வூஃபர் நீலமாகச் சிமிட்டிக்கொண்டே இருப்பதாகக் கொள்வோம். முதலில் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மாட்டிப் பார்க்கலாம். பலன் இல்லையென்றால், இரண்டுக்கும் கரண்ட் இருக்க, சவுண்ட்பாரை மட்டும் ரிமோட்டால் அணைக்க வேண்டும். சப்வூஃபரின் பின்புறம் ID SET என்று எழுதிய சிறு துளை இருக்கும். அதனுள் இருக்கும் பட்டனை மெல்லிய கூர்முனையால் 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். அடுத்து, ரிமோட்டின் மேல்நோக்கு பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சவுண்ட்பாரின் திரையில் ID SET என்று தோன்றும். இப்போது சவுண்ட்பாரை ஆன் செய்தால், சற்று நேரத்தில் நீலம் நிலைத்து எரியும்.

இதில் பெரும்பாலும் நேரும் தவறு, சவுண்ட்பார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்துவது. பின் ஸ்பீக்கர்களுக்கும் இதே முறைதான். தனியாக வாங்கிய செட்டாக இருந்து, இரு ஸ்பீக்கர்களும் ஒரு சிறு ரிசீவர் பெட்டியில் வயரால் இணைந்திருந்தால், ID SET பட்டன் அந்தப் பெட்டியில் இருக்கும். மற்ற நிறுவனங்களின் கருவிகளில் விளக்கின் நிறமும் பட்டனும் மாறும். அவற்றுக்குக் கையேட்டைப் பார்ப்பதே சரி.

சேர்ந்த பின்னும் அடிக்கடி துண்டித்தால் தூரத்தையும் தடையையும் கவனிக்க வேண்டும். சவுண்ட்பாரின் சிக்னல் சுமார் 10 மீட்டர்தான் எட்டும். இடையில் இரும்பு பீரோ நின்றால் அதுவும் குறையும். அருகிலுள்ள வைஃபை ரவுட்டரைத் தள்ளி வைத்தும் பார்க்கலாம். வேறு மாடலின் சப்வூஃபரோ, பொருந்தாத பின் ஸ்பீக்கரோ எத்தனை முறை அழுத்தினாலும் சேராது.

நீலம் நிலையாக எரிந்தும் பின் ஸ்பீக்கர்கள் மௌனமாக இருந்தால் இணைப்பைக் குறை சொல்ல முடியாது. சாதாரண ஸ்டீரியோ நிகழ்ச்சியில் பின்பக்கத்துக்கென்று தனி ஒலி கிடையாது. ஒலி முறையைச் சரவுண்டுக்கு மாற்றினால் அவையும் பேசத் தொடங்கும்.