கணக்குக் கேட்பவரின் கணக்கு

வெளிநாட்டு நன்கொடை வாங்க நினைக்கும் தொண்டு நிறுவனம் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும், புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்தாக வேண்டும். பணம் முதலில் அங்கே வந்து சேரும். ஊருக்குப் போவது பிறகுதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்த திருத்தம் இது.

அதே திருத்தத்தில் இதைவிடக் கடுமையான இரண்டு விதிகள் உண்டு. முன்பெல்லாம் பெரிய அமைப்பு ஒன்று நன்கொடை வாங்கி, சிறிய கிராம அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இப்போது அது கூடாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20ஆகச் சுருங்கியது. வக்கீல் கட்டணம், அலுவலக வாடகை, கணக்கெழுதும் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கண் சிகிச்சை முகாம் நடத்துபவர் எப்படியாவது சமாளித்துவிடுவார். அரசின் மீது வழக்குப் போடுபவருக்குத்தான் கழுத்தைப் பிடிக்கும். அதே 2020 செப்டம்பரில், வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் ஆம்னஸ்டி அமைப்பு இந்தியாவில் வேலையை நிறுத்தியது. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு பணம் கொண்டுவந்தார்கள் என்பது அரசின் வாதம். அமைப்பு அதை மறுத்தது.

அந்நியப் பணம் அரசியலில் நுழையக் கூடாது என்ற கவலையை அற்பம் என்று தள்ள முடியாது. ஆனால் 2014இல் பாஜகவும் காங்கிரசும் வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கி இதே சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியாக, எது ‘வெளிநாட்டு நிறுவனம்’ என்ற விளக்கமே முன்தேதியிட்டு மாற்றப்பட்டது. தொண்டு நிறுவனங்களுக்கு அப்படியொரு கருணை கிடைக்கவில்லை.

அரசின் பிடி ஒருபுறம் இருக்கட்டும். மூன்றாண்டுத் திட்டத்துக்குப் பணம் தருபவர் அறிக்கை கேட்பார். அமைப்பும் நாளடைவில் ஊராரை விட்டுவிட்டு அவருக்கே பதில் சொல்லப் பழகிவிடும். ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் வெளிநாட்டுப் பணமே வேண்டாம் என்று 1990இல் தொடங்கியது. முழுநேர ஊழியர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிதான் சம்பளம். கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் அவர்கள் பொதுவிசாரணை நடத்தி, பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவைப்படவில்லை. பெயருக்குரியவரே எதிரில் உட்கார்ந்திருந்தார். தகவல் உரிமை கேட்டு 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தபோது கிராமங்கள் தானியம் கொடுத்தன. அந்தக் கோரிக்கைதான் 2005இல் சட்டமாயிற்று.

ஆனால் தன் கூலி திருடுபோனால் தானியம் தரும் ஊர், காவல் நிலையத்தில் அடிபட்ட முன்பின் தெரியாதவருக்காகத் தருமா என்பது சந்தேகமே. உள்ளூர்ப் பணக்காரரும் பள்ளிக்கூடம் கட்டத் தருவார். அரசின் அனுமதிகளை நம்பித் தொழில் செய்பவர் அரசைக் கேள்வி கேட்பவருக்குக் காசோலை எழுதத் தயங்குவார். விசாரணைக் கைதிகளுக்கும் சிறுபான்மையினருக்கும் வாதாடுபவர்கள் வெளிநாட்டுக் கதவைத் தட்டுவது பெரும்பாலும் உள்ளூர்க் கதவு திறக்காததால்தான்.