‘சகோதரனுக்கு’ என்றால் தாத்தாவுக்கு இல்லையா?



தெமோதரையில் நான் ஓதிக் கொடுக்கும் மத்ரஸாவில், ஒரு சனிக்கிழமை காலை, கரும்பலகையில் ஒரு ஹதீஸை எழுதிப் போட்டேன். நீங்கள் சிறு வயதிலேயே மனனம் செய்ததுதான். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவானது. நான் எழுதிய தமிழ் இது: “உங்களில் ஒருவன், தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாத வரை மூமினாக மாட்டான்.”

பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். “ஹஸ்ரத், எங்கட ஊட்டுல நாங்க நாலு பேரும் பொம்புளப் புள்ளைகள். சகோதரன் ஒருத்தரும் இல்ல. அப்ப இது எங்களுக்கு இல்லையா?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் பெருநாளைக்கு ஒரு நல்ல துணி வந்தால் அது மூத்தவளுக்கா இளையவளுக்கா என்ற வழக்கு வருடந்தோறும் நடக்கிறது. அந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய ஹதீஸ் அந்த வாசலைத் தாண்டாமல் நின்றுவிட்டது. நிறுத்தியது நான் எழுதிய தமிழ்.

பிழை எங்கே என்று பார்ப்போம். அரபு மொழியில் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தைப் பேசும்போது ஆண்பால் சொல்லையே பயன்படுத்துவார்கள். இதற்கு ‘தக்லீப்’ என்று பெயர். ‘அஹதுகும்’ என்றால் ‘உங்களில் எவரும்’. அதைக் கேட்ட ஸஹாபிப் பெண்கள் தங்களை வெளியே நிறுத்திக்கொள்ளவில்லை. ‘அகீஹி’ என்ற சொல்லிலும் ஈமானால் வந்த சகோதரத்துவம் முழுவதும் அடங்கும். மனித குலம் முழுவதையும் அதில் சேர்த்துக்கொண்ட அறிஞர்களும் உண்டு. ஆனால் தமிழில் ‘ஒருவன்’ என்றால் ஆண்தான். ‘சகோதரன்’ என்றால் ஆண்தான். சொல்லுக்குச் சொல் மாற்றிய நான், அரபியில் அகலமாக இருந்ததைத் தமிழில் குறுக்கிவிட்டேன். ஆகவே இதைத் திருத்துவது ஹதீஸை மாற்றுவதாகாது. மொழிபெயர்ப்பைச் சரிசெய்வதுதான்.

சரி, எப்படித் திருத்துவது? அன்று இரவு உட்கார்ந்து முதலில் இப்படி எழுதினேன்: “ஓர் ஆணோ பெண்ணோ, தமக்கு விரும்புவதைத் தம் சகோதரனுக்கோ சகோதரிக்கோ விரும்பாத வரை, மூமினான ஆணாகவோ பெண்ணாகவோ ஆகமாட்டார்.” யாரையும் விடவில்லை. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தோட்டத்துக் காரியாலயத்தில் ஒட்டிய அறிவித்தல் போல இருக்கிறது. கேட்கிறவர் ஆண், பெண் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே விஷயம் நழுவிவிடுகிறது.

அடுத்து, “பிறருக்கும் நல்லதை விரும்ப வேண்டும்” என்று சுருக்கினேன். இதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, உயிரும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ‘பிறர்’ என்று சொல்லவில்லை. கூடப்பிறந்த உறவைத் தொட்டுச் சொன்னார்கள். அந்த உறவில்தானே பாசமும் பொறாமையும் ஒன்றாக இருக்கின்றன! யூஸுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்டவர்கள் அந்நியர்களா? ‘பிறர்’ என்றதும் அந்தச் சூடு போய்விட்டது. ‘மூமினாக மாட்டான்’ என்ற எச்சரிக்கையும் ‘வேண்டும்’ என்ற புத்திமதியாகத் தேய்ந்துவிட்டது.

மூன்றாவதாக, ‘ஒருவன்’ என்பதை ‘ஒருவர்’ என்றும் ‘மாட்டான்’ என்பதை ‘மாட்டார்’ என்றும் மாற்றிப் பார்த்தேன். நம்மில் பலர் செய்வது இதுதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழில் ‘-ஆர்’ இருபாலுக்கும் பொது. அதே சமயம் அது மரியாதையும் கூட. புகழும் இடத்தில் இது பொருந்தும். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்ற பழமொழி முன்னமே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கண்டிக்கும் இடத்தில் மரியாதை ஏறினால் கண்டிப்பு இறங்கும். ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்பதை ‘வினை விதைத்தவர் வினை அறுப்பார்’ என்று சொல்லிப் பாருங்கள். வினை விதைத்தவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தது போல இருக்கிறது!

அங்கே ஆளையே எடுத்துவிட வேண்டும். ‘வினை விதைத்தால் வினை, தினை விதைத்தால் தினை.’ அவனும் இல்லை, அவளும் இல்லை. வீச்சோ குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. வினைச்சொல்லின் வாலில்தான் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வால் தேவைப்படாதபடி வாக்கியத்தைக் கட்டினால் போதும்.

இதை வைத்துக்கொண்டு ஹதீஸுக்குத் திரும்பினேன். கடைசியில் எழுதியது இது: “உங்களில் எவருக்கும் ஈமான் முழுமையாகாது, தனக்கு விரும்புவதைத் தன் உடன்பிறப்புக்கும் விரும்பும் வரை.”

‘ஆகாது’ என்பது ஈமானைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்ததல்ல. ‘தன்’ என்பது இருபாலுக்கும் பொது. ‘உடன்பிறப்பு’ தமிழகத்தில் அரசியல் மேடைகளில் அடிபட்ட சொல். நமது மலைநாட்டில் அதற்கு அந்த வாசனை இல்லை. நானாவும் தாத்தாவும் தம்பியும் தங்கச்சியும் அதில் அடங்குவார்கள். அரபியில் உள்ளதுபோல மறுப்பு முதலில் வருகிறது, நிபந்தனை பின்னால் வருகிறது; அடி முதலிலேயே விழுகிறது. ‘முழுமை’ என்ற சொல் மூலத்தில் இல்லை. விரிவுரையாளர்கள் கொண்ட கருத்து அது. அதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

இதற்கு ஓர் எல்லை உண்டு, சகோதரிகளே. ‘கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை’ என்ற ஹதீஸை மேடைகளில் ‘முஸ்லிமான ஆண், பெண் ஒவ்வொருவர் மீதும்’ என்று கேட்டிருப்பீர்கள். அரபியிலேயே ‘வ முஸ்லிமதின்’ என்று சேர்த்து ஓதுகிறவர்களும் உண்டு. இப்னு மாஜாவில் வருவது ‘முஸ்லிம்’ என்பது வரைதான். அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றியும் அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது. ஹிஜ்ரி 902இல் வஃபாத்தான இமாம் ஸகாவி (ரஹ்) அவர்கள், இந்தச் சேர்க்கை எந்த அறிவிப்பிலும் இல்லை, ஆனால் அதன் கருத்து சரியானது என்று எழுதிவைத்தார்கள். பெண்ணும் இதில் அடக்கம் என்று விளக்கத்தில் எவ்வளவு உரத்தும் சொல்லலாம். நபியவர்கள் சொல்லாத சொல்லை அவர்களுடைய வாயில் வைக்கக் கூடாது.

அப்படியானால் ஆண், பெண் என்று இரட்டித்துச் சொன்னாலே வேகம் குறைந்துவிடுமா? அதுவும் இல்லை. குர்ஆனில் ஆண்கள் குறிப்பிடப்படுவது போலப் பெண்கள் குறிப்பிடப்படவில்லையே என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்டார்கள். அதன் பின் இறங்கியது அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம். அதில் பத்துத் தன்மைகளும் ஆணுக்கொரு முறை, பெண்ணுக்கொரு முறையாக வருகின்றன. ஓதும்போது அந்த இரட்டிப்பே ஓசையாகி ஏறிக்கொண்டு போகிறது. அங்கே எண்ணுவதே விஷயம். என் முதல் திருத்தத்தில் எண்ணியது விஷயத்துக்குக் குறுக்கே நின்றது.

அடுத்த சனிக்கிழமை புதிய வாசகத்தை ஒரு முறை படித்துக் காட்டிவிட்டு அழித்துவிட்டேன். திங்கட்கிழமை கேட்டபோது பதினொரு பேரில் ஒன்பது பேர் அப்படியே சொன்னார்கள். கேள்வி கேட்ட சிறுமி ‘உடன்பிறப்புக்கும்’ என்ற இடத்தில் நிறுத்தி, பக்கத்திலிருந்த தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தாள். தங்கச்சி பார்க்காதது போல இருந்தாள். அவள் தலையில் இருந்தது தாத்தாவின் முந்தானை.